நாக்கைக் காட்டு, அண்ணாச்சி

என் தங்கையும் அவள் கணவரும் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை நடத்துகிறார்கள். கடை என்று சொன்னால் ஏதோ பெரிதாகத் தோன்றும். முன்பு தையல் கடையாக இருந்த ஓர் அறை, கண்ணாடி மூடிய ஒரு குளிர்ப்பெட்டி, அதற்குள் பன்னிரண்டு தொட்டிகள், பின்கட்டில் ஐந்து லிட்டர் கலவையை ஒரு நேரத்தில் கடையக்கூடிய ஓர் இயந்திரம், வாசலில் இரண்டு பெஞ்சுகள், அவ்வளவுதான். கடை திறப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்னால், பன்னிரண்டு தொட்டிகளுக்கும் பெயரும், பெயருக்குக் கீழே ஒரு வரி விளக்கமும் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் இருபது ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவள் என்பதால், ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

தங்கையின் விருப்பம் தெளிவாக இருந்தது. எல்லாப் பெயர்களும் நாங்கள் சின்ன வயதில் தின்றவற்றை நினைவூட்ட வேண்டும். ஆனால், ஊர் ஊராக இப்போது "90ஸ் கிட்ஸ்" என்று பலகை மாட்டிக்கொண்டு பழைய மிட்டாய்களைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. அவள் சொன்ன காரணம் வியாபாரக் காரணம்தான். அப்படி எழுதினால், எண்பதுகளில் பள்ளிக்குப் போனவருக்கும், இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கும் "இது உனக்கில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். ஐஸ்கிரீம் கடைக்குப் பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவதே அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான்.

எழுதத் தொடங்கும் முன்பே சில சொற்களைத் தள்ளி வைத்தேன். பாரம்பரியம், கைமணம், அந்தக் காலத்து, மலரும் நினைவுகள், பாட்டி வைத்தியம் போன்ற எதுவும் வரக் கூடாது. அவை தவறான சொற்கள் அல்ல. ஆனால் எந்தக் கடையின் எந்தப் பண்டத்துக்கும் பொருந்திவிடுகின்றன, ஆகையால் எந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அடுத்து, அளவு. தொட்டியின் முன்னால் செருகும் அட்டை பத்து சென்டிமீட்டர் அகலம், ஏழு சென்டிமீட்டர் உயரம். தமிழ் எழுத்து இடத்தை நிறையத் தின்னும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர், கண்ணாடியில் பனி படிந்திருந்தாலும் படிக்க வேண்டுமானால், பெயர் இரண்டு சொல்லுக்குள்ளும் விளக்கம் ஒன்பது சொல்லுக்குள்ளும் அடங்க வேண்டும் என்று செய்து பார்த்தபோது தெரிந்தது. "ஒரு வரி" என்று பெயர்தானே தவிர, அட்டையில் அது மூன்று குட்டி வரிகளாக மடங்கித்தான் நிற்கும்.

முதல் வாரத்தில் நான் எழுதிய பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. பால் ஐஸ்கிரீமுக்கு "அம்மாவின் மடி" என்று வைத்திருந்தேன். கருப்பட்டிக்கு "தாத்தாவின் திண்ணை." எழுதும்போது கண் கலங்கியதுகூட நினைவிருக்கிறது. தங்கை அதைப் படித்துவிட்டு, கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் போல வந்து கேட்கச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரெண்டு அம்மாவின் மடி குடுங்க" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. "கப்பா, கோனான்னு நான் கேக்கணும்லா, யக்கா? அம்மாவின் மடி கோன்ல வேணுமான்னு எப்படிக் கேக்க?" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தினோம். "ரெண்டு" என்று முன்னால் போட்டு, "குடுங்க" என்று பின்னால் போட்டு, சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயது மனிதர் தன் அலுவலக நண்பர்களுக்கு முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்படுவாரென்றால், அவர் விரலை நீட்டி "இது ஒண்ணு" என்று சொல்லிவிடுவார். அப்புறம் அந்தப் பெயர் அட்டையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஐஸ்கிரீமின் பெயர், கவிதையின் தலைப்பைப் போல, படிப்பதற்காக எழுதப்படுவதல்ல. அது வாய்விட்டுக் கேட்பதற்கான சொல். இந்த வேறுபாடு எனக்கு இருபது வருட வேலைக்குப் பிறகும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மடியும் திண்ணையும் ஏன் எடுபடவில்லை என்று யோசித்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. அவை பெரியவர்களான பிறகு நாம் உண்டாக்கிக்கொண்ட நினைவுகள். சிறுவயதில் யாரும் மடியில் படுத்துக்கொண்டு "ஆகா, மடி" என்று நினைப்பதில்லை. அந்த வயதில் தின்பண்டத்தோடு சேர்ந்து மனதில் நிற்பது ஏதாவது ஒரு செய்கை: ஒளித்து வைத்தது, பங்கு போட்டது, தெரியாமல் எடுத்தது, யாருடையது சீக்கிரம் கரைகிறது என்று பந்தயம் கட்டியது. எனவே பெயரை ஒரு செய்கையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தேன். இதைச் சரியாகச் செய்தோமா என்பதற்கு நாவல்பழத் தொட்டி ஒன்றின் கதையே போதும்.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் நாவல்பழம் கொட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கும் பழத்தை வாங்கி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு, உப்பைத் தூவி, மூடியைப் பிடித்துக்கொண்டு குலுக்குவோம். தோல் லேசாகக் கன்றி, உப்பு உள்ளே இறங்கிவிடும். தின்று முடித்ததும் எல்லோரும் நாக்கை நீட்டி, யாருடையது அதிகம் ஊதா என்று பார்ப்பதுதான் முக்கிய நிகழ்ச்சி. ஆகவே முதலில் நான் வைத்த பெயர் "நாக்கைக் காட்டு." கேட்டவுடன் எல்லோரும் சிரித்தார்கள். அட்டைகூட அச்சாகி வந்துவிட்டது.

ஒத்திகைக்காகத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்திருந்த மாலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். எங்கள் கடைப் பெண் எல்லோரையும் "அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கூப்பிடுபவள். அவரிடம் அவள் கேட்டாள்: "அண்ணாச்சி, நாக்கைக் காட்டு, ஒண்ணு போதுமா?" அவர் முகம் போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை. தமிழில் ஏவல் வினையை ஒருமையில் பெயராக வைத்தால், பரிமாறுகிறவர் வாயில் அது ஏவலாகவே விழுந்துவிடும். "காட்டுங்கள்" என்று மாற்றினாலோ பல் டாக்டர் அறைக்குள் நுழைந்தது போல ஆகிவிடும். எழுதும்போது எனக்கு முன்னால் இருந்தது எட்டு வயதுத் தோழி. கடையில் பெண்ணுக்கு முன்னால் இருந்ததோ எழுபது வயது ஆசிரியர்.

அந்த இரவே மாற்றுப் பெயர் தேடினோம். தங்கையின் கணவர், நாவல்பழம் என்றதும் எந்தத் தமிழருக்கும் தோன்றக்கூடிய பெயரைச் சொன்னார். மரத்தின் மேல் மாட்டுக்காரச் சிறுவனாக உட்கார்ந்திருந்த முருகன், ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதை இருக்கிறதே, அதிலிருந்து "சுடாத பழம்." ஐஸ் சுடாது, ஆகையால் சிலேடையும் அமைகிறது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, "ரெண்டு சுடாத பழம்" என்று கேட்கவும் நன்றாக இருந்தது. ஆனால் கதையை ஒழுங்காக நினைவு வைத்திருப்பவருக்கு, சுட்ட பழம் என்பது கனிந்து உதிர்ந்து, மண் ஒட்டி, ஊதித் தின்னும் பழம். சுடாதது என்றால் கனியாதது. நாங்களே எங்கள் தொட்டியில் காயைப் போட்டிருக்கிறோம் என்று அறிவித்தது போலாகும். தவிரவும், அது பாடப் புத்தகத்தில் படித்த நாவல்பழம். நாங்கள் தின்ற பழம் அல்ல. கடைசியில் செய்கையை விட்டுவிட்டு, செய்கை விட்டுச் சென்ற அடையாளத்தை எடுத்துக்கொண்டோம்: "ஊதா நாக்கு."

பெயர் அமைந்தது, வரி அமையவில்லை. முதலில் எழுதிய வரியில் "முடித்ததும் நாக்கைப் பாருங்கள்" என்று இருந்தது. தங்கை அப்போது நாவல்பழ விழுதைப் பாலிலும் கிரீமிலும் கலந்து ஐஸ்கிரீமாகக் கடைந்திருந்தாள். ஒரு சிறுமி கவனமாக அட்டையைப் படித்து, கப்பைக் காலி செய்து, கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினாள். நாக்கு இளஞ்சிவப்பாக, வழக்கம்போல இருந்தது. திரும்பி வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள். எழுதியவள் நான் என்று அவளுக்குத் தெரியாது என்பது மட்டுமே ஆறுதல்.

காரணம் எளிதானது. நாவல்பழத்தின் நிறம் புளிப்பு இருக்கும் வரைதான் துலக்கமாக இருக்கும். பாலில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் அதில் கலந்ததும் அந்த நிறம் சாம்பல் பூத்த ஊதாவாக மங்கிவிடுகிறது. கூடவே, தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவது போல, பாலின் புரதம் பழத்தின் துவர்ப்பையும் நிறத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாக்கில் ஒட்ட மிஞ்சுவது ஒன்றுமில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: வரியை மாற்றுவது, அல்லது தொட்டியை மாற்றுவது. வரியை மாற்றினால் பெயரும் பொய்யாகிவிடும். எனவே தங்கை பாலை விட்டாள். கொட்டை நீக்கிய விழுது ஒரு கிலோ, சர்க்கரை 350 கிராம், தண்ணீர் 400 மில்லி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஐந்து கிராம் உப்பு. கரைத்து, வடிகட்டாமல், நன்றாகக் குளிரவைத்துக் கடைந்ததும் அட்டைக்கு ஏற்ற நிறம் வந்தது. வரியும் உட்கார்ந்தது:

ஊதா நாக்கு
உப்புத் தொட்ட நாவல்பழ ஐஸ். கொஞ்சம் துவர்க்கும். பிறகு நாக்கைப் பாருங்கள்.

"கொஞ்சம் துவர்க்கும்" என்பதை எடுத்துவிடலாம் என்று தங்கையின் கணவர் சொன்னார். குறையைப் போய் யாராவது அட்டையில் எழுதுவார்களா என்பது அவர் கேள்வி. நான் விடவில்லை. துவர்ப்பு தெரியாமல் வாங்குகிறவர், பழம் சரியில்லை என்று நினைப்பார். தெரிந்து வாங்குகிறவர், அதற்காகவே வாங்குவார். இனிப்புக் கடையில் ஒரு பண்டத்தைத் துவர்க்கும் என்று சொல்லும்போது, மற்ற பதினொன்றைப் பற்றியும் நாம் சொல்வதை நம்பலாம் என்று ஆகிறது.

அதில் "ஐஸ்கிரீம்" என்று எழுதாமல் "ஐஸ்" என்று எழுதியிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். இது என் ரசனை சார்ந்த முடிவு அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, வெறுமனே ஐஸ்கிரீம் என்று விற்கப்படுவதில் பால் கொழுப்பு குறைந்தது பத்து சதவீதம் இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பைச் சேர்த்தால் அது ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் அழைக்கப்பட வேண்டும். எங்கள் நாவல்பழத்தில் பாலே இல்லை. நல்லவேளையாக, நம் ஊரில் ஐஸ் என்ற சொல் ஏற்கெனவே தனியாக உயிரோடு இருக்கிறது. பால் ஐஸ், சேமியா ஐஸ், குச்சி ஐஸ் என்று சைக்கிள் பெட்டியில் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஐஸ் வேறு, ஐஸ்கிரீம் வேறு என்பது விளக்காமலே தெரியும். சட்டம் கேட்ட பாகுபாட்டை எங்கள் சின்ன வயதே செய்து வைத்திருந்தது.

இதற்குப் பிறகு, பெயரை நினைவிலிருந்து எடுத்தாலும் வரியைத் தொட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். தங்கை கடைந்து முடித்துக் கூப்பிட்ட பிறகே எழுதுவது. அதிலும் கடைந்தவுடன் ருசி பார்த்து எழுதக் கூடாது என்பதைக் கமர்கட் கற்றுத் தந்தது.

கமர்கட்டுக்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை. கமர்கட் என்ற சொல்லிலேயே பல்லும் தாடையும் சத்தமும் இருக்கின்றன; அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் குறையத்தான் செய்யும். பெயரை வைத்து விளையாடுவது என் தொழில் என்றாலும், விளையாடாமல் விட வேண்டிய பெயர்கள் உண்டு. வெல்லப்பாகில் தேங்காய்த் துருவலைப் போட்டு, கெட்டிப் பதத்தில் இறக்கி உருட்டுவதுதான் கமர்கட். அதை உரலில் இட்டு உடைத்து, பால் ஐஸ்கிரீமில் தூவிக் கடைந்தாள். அன்று மாலை ருசி பார்த்த நான் எழுதியது: "கடிக்கக் கடிக்கக் கமர்கட் துண்டுகள். பல் பத்திரம்." நல்ல வரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது முதல் நாளுக்கு மட்டுமே உண்மையான வரி.

மூன்றாவது நாள் ஒருவர் கப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, "கமர்கட்டை எங்கேம்மா காணும்?" என்று கேட்டார். தங்கை கரண்டியால் தோண்டிப் பார்த்தாள். துண்டுகள் இருந்த இடங்களில் பழுப்பு நிறப் பாகு சிறு குட்டைகளாகத் தேங்கி நின்றது. அதற்குள் தேங்காய்த் துருவல் மட்டும் மிஞ்சியிருந்தது. கெட்டியான வெல்லத்துக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐஸ்கிரீம் உறைந்திருந்தாலும் அதற்குள் உறையாத நீர் கொஞ்சம் எப்போதும் இருக்கிறது. வெல்லம் அதை மெல்ல மெல்ல உறிஞ்சி, தானே கரைந்துவிடுகிறது. சர்க்கரை மிகுந்த பாகு அந்தக் குளிரில் உறைவதும் இல்லை. துண்டுகளின் மேல் உருக்கிய கொழுப்பைப் பூசி உலர்த்திவிட்டுச் சேர்த்தால் ஈரம் புகுவது தாமதமாகும் என்று கேள்விப்பட்டு நெய்யைப் பூசிப் பார்த்தாள். ஓரளவு பலன் இருந்தது, முழுவதும் இல்லை. பெரிய துண்டுகள் நான்கைந்து நாள் தாங்கின, பொடிந்தவை கரைந்தன.

ருசியில் குறை எதுவும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சொல்லப் போனால், அந்தப் பாகுக் குட்டைகள்தான் எனக்கு அதிகம் பிடித்தன. கன்னத்தில் ஒதுக்கி வைத்த கமர்கட் அரை மணி நேரம் கழித்து எப்படி ஆகுமோ அப்படியே இருந்தன. தொட்டி சரியாகவே இருந்தது, வரிதான் கெட்டுப்போயிருந்தது. எழுத்துக்கும் காலாவதித் தேதி உண்டு என்பது ஐஸ்கிரீம் விற்பனையில் உவமை அல்ல. புதிய வரி இப்படி அமைந்தது: "வெல்லம், தேங்காய், பால். ஓரிடத்தில் பாகு, ஓரிடத்தில் கடி." இது முதல் நாளும் உண்மை, ஐந்தாம் நாளும் உண்மை. இப்போது எந்த வரியையும் மூன்றாம் நாள் தொட்டியிலிருந்து தின்று பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்கிறோம்.

வரியில் மணத்தைப் பற்றிப் பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்து கிடக்கும் பண்டத்திலிருந்து மணம் எழுவதே இல்லை; வாயில் உருகித் தொண்டைப் பக்கம் போகும்போதுதான் அது தெரியத் தொடங்குகிறது. குளிரில் இனிப்பும் மந்தப்படும், அதனால்தான் உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுகிறது. "ஏலக்காய் மணக்கும்" என்று எழுதிவிட்டால், வாங்குகிறவர் கப்பை மூக்குக்கு அருகே கொண்டுபோவார், ஒன்றும் இருக்காது. "கடைசியில் ஏலக்காய்" என்று எழுதினால், அவர் காத்திருப்பார், அது வரும்.

தேன் மிட்டாயில் வேறொரு சிக்கல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் மிட்டாய் என்று சொல்லி வளர்ந்ததில்லை, முட்டாய்தான். ஆகவே "தேன் முட்டாய்" என்றே எழுதினேன். எழுத்தில் அது பிழையாகத் தெரிந்தாலும் காதுக்கு அதுதான் வீடு என்பது என் வாதம். ஒரே வாரத்தில் நான்கு பேர் அதில் முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டார்கள். கேட்காமல் நகர்ந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. சைவம் மட்டும் சாப்பிடும் குடும்பங்கள் அதிகம் வரும் கடையில் அந்த ஓர் எழுத்தின் விலை அதிகம். மிட்டாய்க்குத் திரும்பினோம். பிறகு அடுத்த கேள்வி, அதில் தேன் இருக்கிறதா என்பது. தேன் மிட்டாயில் தேன் என்றைக்குமே இருந்ததில்லை. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவதுதான் அது. கடித்தால் உள்ளிருந்து பாகு தேனைப் போல வடியும் என்பதால் வந்த பெயர். மளிகைக் கடைப் பாட்டிலில் கிடந்தவரை அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அட்டையில் ஏறியதும் அது ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. சங்கடத்தையே வரியாக்கினேன்: "தேன் கிடையாது. உளுந்து மிட்டாய், சர்க்கரைப் பாகு, பால் ஐஸ்கிரீம்." அட்டையைப் படித்துவிட்டு, "அடப்பாவிகளா, இத்தன வருசமா தேன்னுல்லா நெனச்சேன்" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னதைக் காதால் கேட்டேன். அவர் இரண்டு வாங்கினார்.

பால்பவுடருக்குப் பெயர் வைத்தபோது தங்கையோடு சண்டையே வந்தது. சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பால்பவுடர் டப்பா, எட்டாத உயரத்தில், அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டால் மாவு அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால் மாட்டிக்கொள்வோம். "மேல் தட்டு" என்று வைத்தேன். அழகான பெயர் என்று இரண்டு நாள் மிதந்தேன். தங்கை சொன்னாள்: "யக்கா, மேல்தட்டுன்னா வசதியானவங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்கிடுவாங்க. வெலையும் கூடன்னு நெனப்பாங்க." சொல்லைச் சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் வாயில் ஒன்றுதான். "திருட்டுக் கரண்டி" என்று மாற்றினோம். அது "ரெண்டு" சோதனையிலும் தேறியது.

அந்தத் தொட்டியில் அண்ணத்தில் ஒட்டும் சுகத்தைக் கொண்டுவருவதற்கு ஆசைப்பட்டு, கலவையிலேயே பால்பவுடரை அள்ளிக் கொட்டினாள். ஒரு வாரத்தில் ஐஸ்கிரீம் நறநறவென்று மணலாகிவிட்டது. பாலில் உள்ள சர்க்கரை எளிதில் கரையாதது. அளவுக்கு மேல் சேர்ந்தால் குளிரில் படிகமாகத் திரண்டு நாக்கில் உறுத்தும். இப்போது கலவையில் கொஞ்சம் மட்டும் வறுத்துச் சேர்த்துவிட்டு, கப்பில் வைத்துக் கொடுக்கும்போது மேலே ஒரு கரண்டி உலர்ந்த மாவைத் தூவுகிறார்கள். "வறுத்த பால்பவுடர் ஐஸ்கிரீம். மேலே தூவியது அண்ணத்தில் ஒட்டும்." ஏழு சொல். எனக்கு இந்தப் பன்னிரண்டில் மிகவும் பிடித்தது இதுதான், ஒருவேளை ஸ்டூலில் ஏறியவள் நான் என்பதால் இருக்கலாம். கீழே நின்று காவல் பார்த்தவள் தங்கை.

முழுத் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாத நாளில், ரொட்டியைச் சூடான பாலில் நனைத்து, சர்க்கரை தூவித் தருவார்களே, அந்த ருசியில் ஓர் ஐஸ்கிரீம் செய்திருந்தாள். நான் "காய்ச்சல் லீவு" என்று பெயர் வைத்தேன். என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துச் சிரித்தார்கள், யாரும் வாங்கவில்லை. ஒரு பாட்டி பேரனோடு வந்தார். பையன் அதைத்தான் கேட்டான். "நல்ல நாளும் அதுவுமா வாயைத் தொறந்து காய்ச்சலைக் கேக்கியே" என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, மாம்பழத்தை வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சோதனையில் "ரெண்டு காய்ச்சல் லீவு குடுங்க" என்று நாங்களும் சொல்லிப் பார்த்தோம். எங்களுக்கு அது லீவாகக் கேட்டது, அவருக்குக் காய்ச்சலாகக் கேட்டது. பெயரை "பால் ரொட்டி" என்று அடக்கமாக மாற்றி, நினைவை வரியின் வாலில் ஒளித்து வைத்தேன்: "பாலில் நனைத்த ரொட்டி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். லீவு நாள் சாப்பாடு." நோயை எடுத்துவிட்டு விடுமுறையை மட்டும் வைத்துக்கொண்டதும் தொட்டி காலியாகத் தொடங்கியது.

மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாம்பழத்துக்கு மாம்பழம் என்றே பெயர். கடலை மிட்டாய் சேர்த்த தொட்டியில் பெயரிலும் வரியிலும் நிலக்கடலையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறோம், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு என்பதால் அங்கே எந்தப் பூடகமும் கூடாது. சாக்லேட்டுக்கு நான் ஒன்றுமே எழுதவில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதுதான் முதலில் தீருகிறது, கொஞ்சம் வருத்தம்தான்.

ஆடி முடிந்து நாவல்பழம் வரத்து நின்றதும் "ஊதா நாக்கு" அட்டையைக் கழற்றிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பழச்சாறு எசென்ஸை ஊற்றி ஆண்டு முழுதும் ஓட்டலாம் என்று ஒரு வியாபாரி யோசனை சொன்னாராம், தங்கை கேட்கவில்லை. அந்தத் தொட்டி காலியாகக் கிடந்தது. நேற்று இரவு அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "யக்கா, நன்னாரி போட்டிருக்கேன். இன்னைக்கு மூணாம் நாள். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து தின்னு பாத்துட்டு எழுதிக் குடு. ஒம்பது வார்த்தைக்கு மேல போவாத."